சிறுத்தை ஏன் சிறுத்துப் போனது?

ஆங்கிலப் படம் தமிழ் பேசினால் நம்ம ஊர்ப் பெரியவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "அவன் இங்கிலீஷில் என்ன சொன்னானோ அதை அப்படியே தமிழில் சொல்ல வேண்டியதுதானே, எதுக்கு இவங்க இஷ்டத்துக்கு மாத்துறாங்க?" என்பது ஒரு கட்சி. "தமிழ்ல பேச வந்துட்டா நம்ம ஆளு மாதிரிதான் பேசணும். நாலு சினிமா டயலாக்கை எடுத்து விட்டாத்தான் சனம் சிரிக்கும்" என்பது இன்னொரு கட்சி. நான் ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்வதற்கு முன்னால் சென்னையில் இருபத்தாறு வருஷம் டப்பிங் வசனம் எழுதிப் பிழைத்தவன் என்று தெரிந்ததும், இரண்டு கட்சிக்காரர்களும் தீர்ப்புச் சொல்லச் சொல்கிறார்கள். இரண்டு பேர் கட்சியும் தப்பு என்பதுதான் என் தீர்ப்பு. ஏன் தப்பு என்பதைக் கொஞ்சம் விவரமாக எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வெளிநாட்டுக் கதையை நம்ம ஊருக்குக் கொண்டுவருவது திருநெல்வேலிக்குப் புதுசு இல்லை. அபிஷேகப்பட்டியில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு யார் பேர் வைத்திருக்கிறோம்? மனோன்மணீயம் சுந்தரனார். 1891-ல் அவர் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகத்துக்கு மூலக்கதை லிட்டன் என்ற ஆங்கிலேயர் எழுதிய 'இரகசிய வழி'. அது சிதிய நாட்டிலும் பாரசீகத்திலும் நடக்கிற கதை. சுந்தரம் பிள்ளை அதைப் பாண்டிய நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருடைய ஜீவக பாண்டியன் மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் வந்து கோட்டை கட்டுகிறான். அமைச்சன் குடிலன் என்று ஒரு வஞ்சகன், சுந்தர முனிவர் என்று ஒரு குரு, கோட்டைக்குள் போகிற ஒரு சுரங்கம். சிதியரும் இல்லை, பாரசீகரும் இல்லை. கதையின் மூட்டுகள் மட்டும் இடம் மாறாமல் இருக்கின்றன. பம்மல் சம்பந்த முதலியார் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கியதும் இதே வழியில்தான்.

நாடகம் எழுதுகிறவருக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. ஊரை மாற்றலாம், உடையை மாற்றலாம், ராஜாவின் பேரை மாற்றலாம். டப்பிங் எழுதுகிறவனுக்கு அது கிடையாது. படம் ஏற்கெனவே எடுத்து முடிந்துவிட்டது. திரையில் ஆப்பிரிக்கப் புல்வெளி இருந்தால் அது புல்வெளிதான். அவன் கையில் இருப்பது சத்தம் மட்டும். அதிலும் இசையும் மற்ற ஓசைகளும் தனித் தடமாக வந்துவிடும், அதைத் தொடக் கூடாது. மிஞ்சுவது பாத்திரத்தின் வாயிலிருந்து வருகிற வார்த்தை ஒன்றுதான். அந்த வார்த்தையும் வாய் திறக்கிற நேரத்தில் தொடங்கி, மூடுகிற நேரத்தில் முடிய வேண்டும்.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். படத்தோடு ஒரு வசனப் பட்டியல் வரும். எந்த நொடியில் யார் என்ன பேசுகிறார் என்று அதில் இருக்கும். நல்ல கம்பெனிப் படமாக இருந்தால், இந்த இடத்தில் சிலேடை இருக்கிறது, இது இன்ன பழைய படத்தைக் கிண்டல் செய்கிறது என்று குறிப்பும் போட்டிருப்பார்கள். படத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொள்வோம். அதை லூப் என்போம். ஒரு லூப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டி, வாய் எங்கே திறக்கிறது, எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே உதடு ஒட்டுகிறது என்று காகிதத்தில் குறித்துக்கொள்வோம். உதடு ஒட்டுகிற இடம்தான் முக்கியம். தமிழில் ப, ம இரண்டுக்கும்தான் உதடு முழுசாக ஒட்டும். வகரம் பாதி சேரும். முகம் பெரிதாகத் தெரிகிற காட்சியில் உதடு ஒட்டும்போது நம்ம வசனத்தில் 'க'வோ 'ட'வோ வந்தால், காது கேட்கிறது ஒன்று, கண் பார்க்கிறது ஒன்று என்று ஆகிவிடும். பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. 'என்னமோ ஒட்டலையே' என்று மட்டும் தோன்றும். ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினாலோ தூரத்தில் நின்றாலோ நமக்குத் தீபாவளி. அங்கே என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

இனி ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். 1994-ல் வந்த 'தி லயன் கிங்' கார்ட்டூன் படம் நிறையப் பேர் பார்த்தது. சிங்கராஜா முபாசா, குட்டி சிம்பா. ராஜாவுக்குக் காலை அறிக்கை வாசிக்கிற பறவை ஜாஜு. இந்த ஜாஜு எந்தப் பறவை தெரியுமா? இருவாச்சி. நம்ம பாபநாசம் மலைக்கு மேலே காட்டில் இருக்கிற இருவாச்சிக்கு ஆப்பிரிக்க ஒன்றுவிட்ட தம்பி. அது அறிக்கை வாசிக்கும்போது வரிக்கு வரி ஒரு மிருகத்தை வைத்து ஆங்கிலத்தில் சிலேடை பேசும். அதே நேரம் ராஜா மகனுக்குப் பதுங்கிப் பாய்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார், அறிக்கையை யாருமே காதில் வாங்க மாட்டார்கள். சிரிப்பே அதுதான். சிலேடை மொக்கையாக இருந்தால்கூடப் பரவாயில்லை, அது பெருமையோடு சொல்கிற மொக்கை.

ஒவ்வொரு வரியாகப் பார்ப்போம். சிறுத்தைகள் ஒரு 'ஸ்பாட்'டில் மாட்டிக்கொண்டன என்கிறது ஜாஜு. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் புள்ளி என்றும் பொருள், இக்கட்டு என்றும் பொருள். 'அப்படியே சொல்' கட்சிக்காரர் எழுதினால் 'சிறுத்தைகள் இக்கட்டில் உள்ளன' என்று வரும். அர்த்தம் சரி, சிரிப்பு செத்துப்போச்சு. தமிழில் புள்ளியை வைத்து என்ன இருக்கிறது என்று தேட வேண்டும். 'பெரும்புள்ளி' இருக்கிறதே! "சிறுத்தையார் எல்லாம் பெரும்புள்ளி ஆயிட்டாங்க, மன்னா." இக்கட்டு என்ற அர்த்தம் போய்விட்டது, போகட்டும். அந்த இக்கட்டு கதையில் பின்னால் எங்கும் வரப்போவதில்லை. இப்படி ஒரு சேதி பின்னால் கதைக்கு வேண்டுமா வேண்டாமா என்று பார்ப்பதுதான் முதல் சோதனை. வேண்டுமென்றால் கை வைக்கக் கூடாது.

அடுத்து ஒட்டகச்சிவிங்கி. எல்லாருக்கும் மேலே இருக்கிற மாதிரி நடந்துகொள்கிறது என்பது மூலம். தமிழில் "ஒட்டகச்சிவிங்கிக்குத் தலை கால் புரியலை" என்றால் போதும். தலைக்கும் காலுக்கும் அவ்வளவு தூரம் இருக்கிற மிருகத்துக்கு அந்த மரபுத்தொடர் தானாகப் பொருந்துகிறது. இதெல்லாம் கிடைக்கிற அன்றைக்கு எங்களுக்குச் சம்பளமே வேண்டாம் போலிருக்கும்.

அதற்கடுத்து யானை. யானை முதுகில் குருவிகள் கொத்துகின்றன, மறந்துவிடுங்கள் என்று யானைகளிடம் சொன்னேன், முடியவில்லை என்கிறது ஜாஜு. யானைக்கு மறதி கிடையாது என்ற நம்பிக்கை ஆங்கிலேயர்களிடம் உண்டு. இதை மாற்ற வேண்டுமா? வேண்டாம். தையல்காரன் ஊசியால் குத்திய கதையைக் கேட்காத தமிழ்ப் பிள்ளை உண்டா? யானை ஞாபகம் வைத்திருந்து சேற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து பீச்சியதே. அதனால் "மறந்துடுங்கன்னு யானைகிட்டச் சொன்னேன், முடியலையாம்" என்று நேராகவே எழுதலாம். சிரிப்பு ஆங்கிலத்தில் எந்தச் சொல்லில் விழுகிறதோ தமிழிலும் அதே கடைசிச் சொல்லில் விழுகிறது. எல்லாவற்றையும் மாற்றியே தீருவேன் என்று பேனாவைத் தூக்குகிறவன், மாற்றாமலே நிற்கிற இடத்தையும் கெடுத்துவிடுவான்.

கடைசி வரிதான் கஷ்டமானது. ஆங்கிலத்தில் 'சீட்டர்' என்றால் ஏமாற்றுகிறவன். ஏமாற்றுகிறவன் உருப்பட மாட்டான் என்று அங்கே பள்ளிப் பிள்ளைகள் விளையாட்டில் சொல்கிற பழமொழி ஒன்று உண்டு. 'சீட்டா' என்ற மிருகத்தின் பேரை அதில் நுழைத்து, சீட்டாக்கள் உருப்படாது என்கிறது ஜாஜு. சென்னையில் இதைக் கொடுத்தால் பத்தில் எட்டுப் பேர், "சீட்டா சீட்டிங் பண்ணா உருப்படாது" என்று எழுதுவார்கள். தமிழ்நாட்டில் அது ஓரளவு எடுபடும். 'சீட்டிங்' நமக்குத் தெரியும், சீட்டா எல்லாருக்கும் தெரியாது. பாதிச் சிரிப்பு. இன்னொருவர், "சீட்டா நல்லா அல்வா கொடுக்கும்" என்று எழுதுவார். நம்ம ஊர்ப் பலகாரத்தை ஏமாற்று வேலைக்குப் பேராக்கிவிட்டது தமிழ்நாட்டுப் பேச்சு. அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தமிழ்நாட்டுச் சினிமா பேச்சில் வளராத ஒரு பிள்ளை கேட்டால் என்ன நினைக்கும்? சீட்டா இனிப்புக் கொடுக்கிற நல்ல மிருகம் என்றுதான் நினைக்கும்.

நான் எழுதினால் ஆங்கில உச்சரிப்பை விட்டுவிட்டு, சேதியைப் பிடிப்பேன். அந்த மிருகத்துக்குச் சாப்பாட்டுக்கே வழியில்லை என்பதுதான் சேதி. "முன்னே பெரும்புள்ளியா இருந்த சிறுத்தை, இப்போ இரை இல்லாம சிறுத்தே போச்சு, மன்னா!" முதல் வரியில் வைத்த பெரும்புள்ளி கடைசி வரியில் திரும்பி வருகிறது. 'சிறுத்தை', 'சிறுத்தே' இரண்டும் காதில் ஒன்றை ஒன்று இடிக்கின்றன. இது எட்டு வயசுப் பிள்ளைக்கும் புரியும், யாழ்ப்பாணத்திலும் புரியும், கோலாலம்பூரிலும் புரியும். விலங்கியல் படித்தவர் ஒருவர் எழுந்து, "சீட்டாவுக்குத் தமிழில் சிவிங்கி என்று பேர், சிறுத்தை வேறே" என்று சொல்லலாம். சரிதான். அந்த மிருகம் திரையில் தெரிந்தால் அவர் சொல்வதுதான் நியாயம், நான் மாற்றிக்கொள்வேன். இந்தக் காட்சியில் தெரிவதில்லை, ஜாஜு வாயால் சொல்வதோடு சரி. ஜாஜு பெரும்பாலான நேரம் சிங்கங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டும் கேமராவுக்கு வெளியிலும் பேசுவதால் வரி கொஞ்சம் நீண்டாலும் இடம் இருக்கிறது. பறவைக்கு உதடும் கிடையாது, ஒட்டுகிறதா இல்லையா என்று யாரும் பார்க்கப்போவதில்லை.

சிலேடையாவது பரவாயில்லை, தேடினால் கிடைக்கும். பழைய படத்தை ஞாபகப்படுத்துகிற நகைச்சுவை இன்னும் சிக்கல். அதே படத்தில் பும்பா என்ற காட்டுப்பன்றியைக் கழுதைப்புலி ஒன்று 'பன்றி' என்று சொல்லிவிடும். உடனே பும்பாவுக்கு ரோஷம் வந்து, தன்னை மிஸ்டர் சேர்த்துத்தான் பன்றி என்று கூப்பிடுவார்கள் என்று கத்திக்கொண்டு பாயும். இது 1967-ல் வந்த ஒரு அமெரிக்கப் படத்தில் சிட்னி பாய்ட்டியர் பேசுகிற வசனத்தின் சாயல். கறுப்பினப் போலீஸ் அதிகாரி ஒருவர், தன்னை மதிக்காத வெள்ளையரிடம், தன் ஊரில் தன்னை மிஸ்டர் சேர்த்து அழைப்பார்கள் என்று சொல்கிற இடம் அது. அமெரிக்காவில் அதைக் கேட்ட அப்பாமார் சிரித்திருப்பார்கள். தியேட்டரில் உட்கார்ந்திருந்த தமிழன் சிரிக்க முடியாது.

இங்கேதான் இரண்டாவது கட்சிக்காரர் ஓடி வருவார். "ஐயா, 2007-ல் வந்த சிவாஜி படத்தில் ரஜினி பன்றிக் கூட்டத்தையும் தனிச் சிங்கத்தையும் பற்றி ஒரு வசனம் பேசுவாரே! சிங்கமும் இருக்கு, பன்றியும் இருக்கு, அதைப் போட்டா தியேட்டர் இடிஞ்சு விழும்!" விழும்தான். ஆனால் இரண்டு விஷயத்தை யோசிக்க வேண்டும். அந்த வசனம் பன்றியைத் தாழ்த்துகிறது. இங்கே பேசுவதே பன்றி, கேட்பது மரியாதை. அதன் வாயில் இதைப் போட்டால் அது தன்னையே திட்டிக்கொண்ட மாதிரி ஆகும். அடுத்தது, மூலத்தில் சிட்னி பாய்ட்டியரைத் தெரியாத அமெரிக்கக் குழந்தையும் சிரிக்கிறது. ஒரு பன்றி மரியாதை கேட்கிறதே என்ற சிரிப்பு அதற்குப் போதும். பழைய படத்தைத் தெரிந்தவருக்கு அதற்கு மேல் ஒரு கரண்டி கூடுதல், அவ்வளவுதான். ரஜினி வசனத்தைப் போட்டால் தெரிந்தவருக்கு மட்டும் சாப்பாடு, தெரியாதவருக்கு வெறும் இலை. சினிமா வசனம் எல்லாம் பத்து வருஷத்தில் பழசாகும், டப்பிங் படம் இருபது வருஷம் ஓடும்.

இன்னொரு நண்பர், வராகம் என்ற சொல்லை வைத்து எழுதலாமே என்றார். சொல்லில் சிரிப்பு இருக்கிறது. ஆனால் பெருமாள் எடுத்த அவதாரத்தைப் பன்றி சண்டையில் கொண்டுவந்து நிறுத்தினால் யாராவது ஒருவருக்கு மனசு வலிக்கும். குழந்தைகள் படத்தில் அது எதுக்கு?

சிரிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் விடை கிடைக்கும். மரியாதை கேட்பதில் இருக்கிறது. மிருகத்துக்கு மரியாதை கொடுப்பது தமிழில் எப்படி? நம்ம பாட்டி கதையில் நரி வந்தால் வெறும் நரி இல்லை, நரியார். அப்படியானால் இவரும் பன்றியார்தானே! "எனக்குப் பேரு பன்றியார்!" என்று எழுதிப் பாருங்கள். ஆங்கில வரியில் உதடு ஒட்டுகிற இடங்கள் நடுவில் இரண்டு, கடைசிச் சொல்லின் தொடக்கத்தில் ஒன்று. தமிழ் வரியில் 'எனக்குப் பேரு' என்பதில் நடுவில் உதடு ஒட்டுகிறது, 'பன்றியார்' தொடங்கும்போது மறுபடி ஒட்டுகிறது. கடைசியில் 'றியார்' என்று கொஞ்சம் மிச்சம் நிற்கிறதே, அதற்கு வாய் வேண்டாமா? பும்பா சொல்லி முடித்த கையோடு வாயைப் பிளந்து அலறிக்கொண்டே பாய்கிறது. 'யார்' என்பதை இழுத்து அந்த அலறலோடு சேர்த்துவிட்டால் கணக்குச் சரி. இப்படி வாய்க்கும் பொருந்தி, அர்த்தத்துக்கும் பொருந்தி, நம்ம கதை மரபுக்கும் பொருந்துகிற வரி ஒரு படத்தில் பத்து கிடைத்தாலே பெரிசு.

2019-ல் அதே கதையைப் புதிதாக எடுத்துத் தமிழிலும் வெளியிட்டார்கள். பும்பாவுக்கு ரோபோ சங்கர், டிமோனுக்குச் சிங்கம்புலி, ஜாஜுவுக்கு மனோபாலா, சிம்பாவுக்குச் சித்தார்த், ஸ்காருக்கு அரவிந்த்சாமி குரல் கொடுத்தார்கள். நகைச்சுவை நடிகரைக் குரலுக்குப் போடுவதில் ஒரு லாபம் உண்டு. எங்கே நிறுத்தினால் சிரிப்பு விழும் என்று அவர்களுக்கு ரத்தத்தில் தெரியும். ஒரு நஷ்டமும் உண்டு. அவர் சினிமாவில் பேசுகிற மாதிரியே இதிலும் வசனம் எழுதச் சொல்லி எழுதுகிறவனுக்கு நெருக்கடி வரும். அப்போது திரையில் இருப்பது பன்றியா, நடிகரா என்று குழம்பும். பன்றி ஜெயிக்க வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது நம்ம ஊர் விஷயத்துக்கு வருகிறேன், இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. எந்தப் பாத்திரத்துக்கு எந்த ஊர்ப் பேச்சு என்று முடிவு செய்கிறபோது, ராஜாவுக்குப் புத்தகத் தமிழ், அடியாளுக்கு வடசென்னைத் தமிழ், முட்டாளுக்கு நம்ம திருநெல்வேலித் தமிழ் என்று ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது. இது நம்ம ஊரில் மட்டும் இல்லை. 1994 படத்தில் கழுதைப்புலிகளுக்குக் கறுப்பின, மெக்சிக வம்சாவளி நடிகர்களின் தெருப்பேச்சுக் குரலைக் கொடுத்தார்கள் என்று அமெரிக்காவிலேயே கண்டனம் எழுந்தது. அந்தத் தப்பை நாம் இறக்குமதி செய்து, ஊர்ப் பேர் மட்டும் மாற்றி வைத்துக்கொள்கிறோம்.

சரி, வைக்கிறார்களே, அதையாவது ஒழுங்காக வைக்கிறார்களா? வாக்கியத்துக்கு ஒரு 'ஏலே' போட்டால் திருநெல்வேலி ஆகிவிட்டது என்று நினைப்பு. நமக்குத் தெரியும், 'லே' இளையவனிடமும் கூட்டாளியிடமும்தான் செல்லும். சம வயசு ஆணிடம், கொஞ்சம் மதிப்பு வைத்துப் பேசினால் 'வே'. பெரியவர் என்றால் 'அண்ணாச்சி', 'என்ன செய்யுதிய', 'எப்ப வந்திய'. அவரைப் பற்றிப் பேசினால் 'அவுக வந்தாக'. ஒரு குட்டி மிருகம் காட்டு ராஜாவைப் பார்த்து 'ஏலே' என்றால், மற்ற ஊர்க்காரன் சிரிப்பான், நம்மாள், "இந்தப் பய வீட்டில் வளர்த்தது சரியில்லை" என்பான். பாத்திரத்தின் குணமே மாறிப்போகிறது. டிமோனும் பும்பாவும் ஒருத்தரை ஒருத்தர் 'லே' போட்டால் அழகு. அதே டிமோன் ராஜாவிடம் போனதும் 'அண்ணாச்சி' என்று குழைந்தால் அதுவே ஒரு நகைச்சுவை, அதற்கு ஆங்கிலத்தில் இடமே கிடையாது. நம்ம பேச்சு உதவுவது இப்படித்தான். அசட்டுத்தனத்துக்கு முத்திரையாக அதைக் குத்தக் கூடாது.

வெளியூர்த் தமிழர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலங்கைத் தமிழருக்கு நாற்காலி கதிரை, ரொட்டி பாண், சோப்பு சவர்க்காரம். சிங்கப்பூர், மலேசியாத் தமிழருக்கு மலாய்ச் சொற்கள் கலந்த வேறொரு வழக்கு. எல்லாருக்கும் ஒரே தமிழ்க் குரல்தடம்தான் போகும். அதனால் எல்லாவற்றையும் செய்தி வாசிப்பு மாதிரி உப்புச் சப்பில்லாத தமிழில் எழுத வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பொதுவாக இருக்கிற சரக்கு நம்மிடம் நிறைய இருக்கிறது. பாட்டி கதை, பழமொழி, பந்தி, மாமன் மச்சான் கிண்டல், சின்னப் பிள்ளை விளையாட்டு, இவை கடல் தாண்டியும் போயிருக்கின்றன. 2019 படத்தில் டிமோன், பசித்த கழுதைப்புலிகளைத் திசை திருப்ப, பும்பாவையே விருந்தாகக் காட்டி, அதே கம்பெனியின் வேறொரு படத்துப் பாட்டைப் பிரெஞ்சு வாடையோடு ஆரம்பிப்பான். அந்தப் பழைய படத்தைப் பார்க்காதவருக்கு அது வெறும் சத்தம். "பந்திக்கு வாங்க, பந்திக்கு வாங்க! இன்னைக்கு ஸ்பெஷல் பன்றியார்!" என்று கல்யாண வீட்டுக் குரலில் கூப்பிட்டால், பாளையங்கோட்டையிலும் சிரிப்பார்கள், டொரண்டோவிலும் சிரிப்பார்கள். தேதி போட்ட சரக்குதான் ஊர் தாண்டாது. போன வருஷத்துச் சினிமா வசனம், தேர்தல் கிண்டல், டி.வி. விளம்பரம் எல்லாம் அந்த ரகம்.

நம்மைப் போன்ற வயசானவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. காது மந்தம் என்று கீழே எழுத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம். காதில் விழுவது ஒரு வசனம், கீழே ஓடுவது வேறொரு வசனம். சிறுத்தை சிறுத்துப் போச்சு என்று குரல் சொல்லும், கீழே ஏமாற்றுபவர்கள் செழிப்பதில்லை என்று எழுத்து ஓடும். டி.வி. கெட்டுப்போகவில்லை. குரலுக்கு எழுதியவர் ஒருவர், எழுத்துக்கு எழுதியவர் இன்னொருவர். எழுத்துக்காரருக்கு உதட்டுக் கவலை இல்லை. ஆனால் இரண்டு வரிக்குள் அடங்க வேண்டும், நாம் படித்து முடிக்கும்வரை நிற்க வேண்டும் என்ற வேறு கவலை உண்டு. அவர் ஆங்கிலத்தைப் பார்த்துத் தனியாக எழுதியிருப்பார். பட்டியலில் தமிழுக்குப் பக்கத்தில் CC என்று போட்டிருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், பெரும்பாலும் அது பேசுகிற வசனத்தையே காட்டும். அது இல்லையென்றால், எழுத்தை நிறுத்திவிட்டு ஒலியைக் கூட்டிவைப்பதே மேல்.

இதெல்லாம் வெறும் கார்ட்டூன் விவகாரம்தானே என்று கேட்கலாம். வெளிநாட்டில் வளர்கிற நம்ம பேரப் பிள்ளைகளில் பலருக்கு, வீட்டில் அப்பா அம்மா பேசுகிற தமிழுக்கு அடுத்தபடி காதில் விழுகிற தமிழ் இந்தப் படங்களில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் மூலம் கிடைக்கும். தமிழ்த் தடத்தில் சிரிப்பு இல்லை என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் பிள்ளை பொத்தானை அழுத்திவிடும், அப்புறம் திரும்பி வராது.

அதனால் நல்ல டப்பிங்கா என்று பார்க்க மொழிப் பண்டிதர் வேண்டாம். மூலத்தில் சிரிப்புக்கென்று ஒரு சின்ன இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த இடைவெளியில் பிள்ளை சிரிக்கிறதா என்று பாருங்கள். நம்ம முகத்தைத் திரும்பிப் பார்த்து "ஏன் தாத்தா?" என்று கேட்டால், அந்த வரியை எழுதியவன் தூங்கியிருக்கிறான். கேட்காமல் சிரித்தால், எங்கேயோ கோடம்பாக்கத்தில் ஒருவன் ஒரு லூப்பை நாற்பது தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறான் என்று அர்த்தம். படம் முடிந்து பேர்கள் ஓடும்போது அவன் பேர் வருகிறதா என்று கொஞ்சம் பொறுத்திருந்து பாருங்கள். பெரும்பாலும் வராது. வர வேண்டும் என்று கேட்கிறேன்.